கடைசி இலக்கம் சொல்லும் சாட்சி

துறைமுகச் சாலையில் முன்னால் போகும் கன்டெய்னர் லாரியின் பின்கதவைப் பாருங்கள். வலதுபக்க மேல்பகுதியில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் கடைசி இலக்கத்தைச் சுற்றி மட்டும் ஒரு சிறு கட்டம் இருக்கும். அந்த இலக்கம் பெட்டியின் வரிசை எண்ணைச் சேர்ந்ததல்ல. அதற்கு முன்னால் உள்ள பத்துக் குறிகளும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சோதிப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டி கப்பலேறுவதற்குள் அதன் எண் பல காகிதங்களில் ஏறிவிடும். ஏற்றுமதியாளரின் பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில், எடைச் சான்று, கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் தயாரிப்பது. இந்தக் காகிதங்களிலிருந்து எந்தப் பெட்டி, அதில் என்ன சரக்கு, எவ்வளவு எடை, எந்தெந்தத் தேதி என்ற நான்கு விவரங்களை எடுத்துச் சரக்குப் பதிவேட்டில் ஒரே வரியாக எழுத வேண்டும். முன்பு கிளார்க் ஒருவர் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்தார். இப்போது பல அலுவலகங்களில் மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. யார் செய்தாலும் கேள்வி ஒன்றுதான்: படித்தது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான்கு விவரங்களுக்கும் பதில் நான்கு விதமாக இருக்கிறது. கன்டெய்னர் எண் தன் சாட்சியைத் தன்னோடே வைத்திருக்கிறது. எடைக்குச் சாட்சி மற்ற எண்களோடு அது கொண்டிருக்கும் கணக்கில் இருக்கிறது. தேதிக்குச் சாட்சி மற்றத் தேதிகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி. சரக்கின் பெயருக்கோ சாட்சி மிகக் குறைவு. இதைப் புரிந்துகொண்டால், பதிவேட்டின் எந்தக் கட்டத்தை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரிந்துவிடும்.

இதைப் பின்தொடர ஒரு கற்பனைச் சரக்கை எடுத்துக்கொள்வோம். திருப்பூரிலிருந்து 280 அட்டைப்பெட்டி பருத்தி டி-ஷர்ட் 20 அடி கன்டெய்னர் ஒன்றில் ஏறுகிறது. தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, நியூயார்க் போகிறது. கன்டெய்னர் எண் CSQU3054383. இந்தத் தரத்தை விளக்குகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் எண் இது.

காகிதம் எழுத்தாவது

நம் கைக்கு வரும் பி.டி.எஃப் கோப்புகள் இரண்டு வகை. கணினியே உருவாக்கிய கோப்பில் ஒவ்வொரு எழுத்தும் எழுத்தாகவே இருக்கும். பக்கத்தில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் பதிவாகியிருக்கும். அங்கே 8 என்பது 8தான், 3 ஆக மாறாது. மற்றது, அச்சிட்டுக் கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஸ்கேன் செய்தது. அதில் இருப்பது படம் மட்டுமே. எழுத்துணரி மென்பொருள் அந்தப் புள்ளிகளின் வடிவத்தைப் பார்த்து இது 8 ஆக இருக்கலாம் என்று ஊகிக்கிறது. முத்திரையின் மை ஒரு ஓரத்தில் படிந்திருந்தாலோ, பிரின்டர் ரிப்பன் தேய்ந்திருந்தாலோ, ஊகம் தவறும். ஆகவே கோப்பு எந்த வகை என்பதை முதலில் பார்க்க வேண்டும். எழுத்தாகவே இருக்கும் கோப்பைப் படமாக்கி மறுபடி படிப்பது, இல்லாத பிழையை நாமே உண்டாக்குவது.

எழுத்து கிடைத்தபின், எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற அடுத்த சிக்கல் வருகிறது. காகிதத்தில் அட்டவணையாகத் தெரிவது கோப்புக்குள் அட்டவணையாக இருப்பதில்லை. இடம் குறித்த சொற்களின் குவியலாகவே இருக்கும். ஒரே உயரத்தில் நிற்பவற்றை ஒரு வரியாகவும், ஒரே தலைப்புக்குக் கீழே நிற்பவற்றை ஒரு பத்தியாகவும் நாம்தான் சேர்க்க வேண்டும். மொத்த எடை என்பதை ஒரு நிறுவனம் முழுதாக அச்சிடும், இன்னொன்று இரண்டெழுத்துச் சுருக்கமாக அச்சிடும். கன்டெய்னர் எண்ணுக்குப் பக்கத்திலேயே சீல் எண் இருக்கும். அதற்கு அடுத்து பெட்டியின் வகையைச் சொல்லும் 22G1 போன்ற குறியீடு இருக்கும். இடைவெளி சற்றுக் குறைந்தால் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே நீளச் சரமாகிவிடும். அதிலிருந்து கன்டெய்னர் எண்ணைப் பிரித்தெடுப்பது எளிது. அதற்கென்று மாறாத அமைப்பு ஒன்று இருப்பதே காரணம்.

பதினொன்றால் வகுத்தால்

சர்வதேசத் தரநிர்ணய அமைப்பின் 6346-ஆம் தரம் இந்த அமைப்பை விதிக்கிறது. முதல் மூன்று எழுத்துகள் பெட்டியின் உரிமையாளரைக் குறிக்கும். இவற்றைப் பதிவு செய்து தருவது பாரிஸில் 1933-இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கன்டெய்னர் பணியகம். நான்காவது எழுத்து வகையைச் சொல்லும். சரக்குப் பெட்டி என்றால் U. பிறகு ஆறு இலக்க வரிசை எண். கடைசியில் சோதனை இலக்கம்.

இந்த அமைப்பே ஒரு முதல் வடிகட்டி. எண் வர வேண்டிய இடத்தில் மென்பொருள் O என்று படித்திருந்தால் அது பூஜ்யம்தான். B என்று படித்திருந்தால் அநேகமாக 8. அந்த இடத்தில் எழுத்து வரவே முடியாது என்பதால் தயங்காமல் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஓர் இலக்கம் இன்னோர் இலக்கமாக மாறிவிட்டால் அமைப்பு உதவாது. அங்கேதான் சோதனை இலக்கம் வேலை செய்கிறது.

கணக்கு இப்படிப் போகும். எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. A-க்கு 10, B-க்கு 12, C-க்கு 13 என்று தொடங்கி Z-க்கு 38 வரை. இடையில் 11, 22, 33 ஆகிய மூன்றும் விடப்பட்டிருக்கும். பிறகு ஒவ்வோர் இடத்தின் மதிப்பையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

```
C    S    Q    U    3    0    5    4    3    8
13   30   28   32   3    0    5    4    3    8
x1   x2   x4   x8   x16  x32  x64  x128 x256 x512
13 + 60 + 112 + 256 + 48 + 0 + 320 + 512 + 768 + 4096 = 6185
6185 = 11 x 562 + 3
```

மீதி 3. கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கமும் 3. எண் பொருந்துகிறது.

வெறுமனே கூட்டினால் போதாதா, எதற்கு இந்த இரட்டிப்பு? தட்டச்சில் அதிகம் நேரும் பிழைகளில் ஒன்று, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. 54 என்பது 45 ஆகிவிடும். வெறும் கூட்டலில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. ஒவ்வோர் இடத்துக்கும் வேறு எண்ணால் பெருக்கும்போது இடம் மாறினால் கூட்டுத்தொகையும் மாறிவிடுகிறது.

பதினொன்றைத் தேர்ந்ததிலும் ஓர் அழகு இருக்கிறது. ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டால் கூட்டுத்தொகை எவ்வளவு மாறும்? இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தை 2-இன் ஏதோ ஓர் அடுக்கால் பெருக்கிய அளவு மாறும். வித்தியாசம் 1 முதல் 9 வரைதான் இருக்க முடியும். 11 ஒரு பகா எண். ஒன்பதுக்கு உட்பட்ட எண்ணிலும் அது காரணியாக இல்லை, 2-இன் அடுக்கிலும் இல்லை. ஆகவே இரண்டையும் பெருக்கி வரும் எண்ணை 11 ஒருபோதும் மீதியின்றி வகுக்காது. மாற்றம் மீதியில் தெரிந்தே தீரும். பத்தால் வகுக்கும் முறையாக இருந்திருந்தால் இந்த உறுதி கிடைத்திருக்காது.

இப்போது பிழையோடு பார்ப்போம். பில் ஆஃப் லேடிங்கின் ஸ்கேனில் வரிசை எண்ணின் கடைசி 8 பாதி அழிந்திருக்கிறது. மென்பொருள் அதை 3 என்று படித்து CSQU3054333 என்று தருகிறது. கூட்டுத்தொகை 3625 ஆகிறது. பதினொன்றால் வகுத்தால் மீதி 6. கடைசி இலக்கமோ 3. பிழை பிடிபட்டது.

பிழை எங்கே என்று சோதனை இலக்கம் சொல்வதில்லை. ஆனால் அதை வைத்துத் தேடலாம். அச்சில் ஒன்றுபோலத் தெரியும் இலக்கங்கள் சில ஜோடிகள்தான்: 3-உம் 8-உம், 5-உம் 6-உம், 0-உம் 8-உம், 4-உம் 9-உம் போன்றவை. படித்த எண்ணில் ஒவ்வோர் இடத்திலும் அந்த ஜோடியை மாற்றிப் பார்க்க வேண்டும். முதல் 3-ஐ 8 ஆக்கினால் மீதி 9. பூஜ்யத்தை 8 ஆக்கினாலும் 9. 5-ஐ 6 ஆக்கினால் 4. 4-ஐ 9 ஆக்கினால் 8. அடுத்த 3-ஐ 8 ஆக்கினால் 10. கடைசி 3-ஐ 8 ஆக்கும்போது மட்டும் மீதி 3 வருகிறது. அந்த ஓர் இடத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், அழிந்த 8-இன் இடது வளைவு மங்கலாகத் தெரியும். தேடல் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டியது. முடிவு செய்ய வேண்டியது கண். கணக்கு பொருந்துகிறது என்பதற்காகப் படத்தைப் பார்க்காமலே மாற்றி எழுதினால், நேர்ந்திருப்பது வேறு பிழையாக இருக்கும்போது, சோதனையில் தேறிய தவறான எண் ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றிவிடுவோம்.

இந்தச் சோதனைக்கும் ஓட்டைகள் உண்டு. மீதி 10 வந்தால் ஒரே இலக்கத்தில் எழுத முடியாது. அதனால் 0 என்று எழுதுகிறார்கள். அப்போது மீதி 10 உள்ள எண்ணும் மீதி 0 உள்ள எண்ணும் ஒரே கடைசி இலக்கத்தைப் பெற்றுவிடும். மீதி 10 வரும் வரிசை எண்களைத் தவிர்க்கும்படி பரிந்துரை இருப்பது இதனால்தான்.

அடுத்த ஓட்டை எழுத்துகளில் இருக்கிறது. F-இன் மதிப்பு 16, P-இன் மதிப்பு 27. வித்தியாசம் சரியாக 11. ஆகவே F-ஐ P என்று படித்தால் மீதி மாறாது. சோதனை இலக்கம் பேசாமல் இருந்துவிடும். G, Q ஜோடியும் அப்படித்தான். நம் எண்ணின் Q-வை G என்று படித்தாலும் அது தேறிவிடும். E, O ஜோடியும் இதே கதை. மங்கிய அச்சில் குழம்பக்கூடிய எழுத்துகள் இவை. இங்கே உதவுவது பாரிஸ் பணியகத்தின் பதிவேடு. படித்த மூன்றெழுத்து அங்கே யார் பெயரிலாவது இருக்கிறதா, அந்த உரிமையாளரின் பெட்டியை இந்தக் கப்பல் நிறுவனம் பயன்படுத்துவது இயல்புதானா என்று பார்க்கலாம்.

மூன்றாவது, இரண்டு மூன்று பிழைகள் ஒருசேர நேர்ந்தால் அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிட ஏறத்தாழ பதினொன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

எடைக்கு மூன்று பேர் பொறுப்பு

கன்டெய்னர் எண் சரியாக இருந்தும் பதிவேட்டு வரி தவறாக இருக்க முடியும். நான்கு கன்டெய்னர் உள்ள பில் ஆஃப் லேடிங்கில் வரி ஒன்று கீழே நழுவினால், முதல் பெட்டிக்கு இரண்டாவது பெட்டியின் எடை போய்ச் சேரும். எடைக்குச் சோதனை இலக்கம் கிடையாது. 3,808 என்பதும் 3,308 என்பதும் தனியே பார்த்தால் ஒன்றுபோல நம்பத்தக்க எண்கள்தான்.

ஆனால் எடை எங்கும் தனியாக வருவதில்லை. நிகர எடை என்பது சரக்கு மட்டும். மொத்த எடை என்பது சரக்கும் அட்டைப்பெட்டி முதலான பொதியும் சேர்ந்தது. கன்டெய்னரின் சொந்த எடை அதன் கதவிலேயே எழுதியிருக்கும். 20 அடிப் பெட்டிக்கு 2,200 கிலோவை ஒட்டி வரும். எல்லாம் சேர்ந்தது சரிபார்த்த மொத்த எடை. ஏற்றுமதியாளர் இதை எழுத்தில் தராமல் பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை 2016 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கியது. பெட்டியைச் சரக்கோடு எடைபோடலாம். அல்லது உள்ளே போகும் ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பெட்டியின் சொந்த எடையோடு கூட்டலாம்.

நம் சரக்கில் பேக்கிங் லிஸ்ட் சொல்வது இது: 280 அட்டைப்பெட்டி, ஒன்றின் நிகர எடை 12.5 கிலோ, மொத்த எடை 13.6 கிலோ. பெருக்கினால் நிகரம் 3,500 கிலோ, மொத்தம் 3,808 கிலோ. கன்டெய்னரின் சொந்த எடை 2,230 கிலோ என்று வைப்போம். கூட்டினால் 6,038. எடைமேடைச் சீட்டில் 6,040 என்றிருக்கிறது. லாரி எடைமேடைகள் பத்துப் பத்து கிலோவாகக் காட்டுவதால் இந்த இரண்டு கிலோ வித்தியாசம் இயல்பானது.

இப்போது பில் ஆஃப் லேடிங்கின் மொத்த எடையை மென்பொருள் 3,308 என்று படிக்கிறது. உடனே மோதல் வருகிறது. பொதியோடு சேர்ந்த எடை, பொதியில்லாத 3,500-ஐவிடக் குறைவாக இருக்க முடியாது. 3,608 என்று படித்திருந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும். ஆனால் 6,040-இலிருந்து 2,230-ஐக் கழித்தால் 3,810 வர வேண்டும். 200 கிலோ எங்கே போனது என்ற கேள்வி எழும். 3,803 என்று படித்திருந்தால் எடைமேடைக் கணக்கிலும் அது தப்பக்கூடும். 280-ஆல் வகுத்தால் 13.6 வராது என்பது அதைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு சோதனையும் ஓர் அளவுப் பிழையைப் பிடிக்கிறது. மூன்றையும் சேர்த்துப் போட்டால் சிறிய பிழையும் தப்புவது அரிது.

எடையில் இன்னொரு வலை, புள்ளியும் காற்புள்ளியும். நம் ஊரில் 3,808.000 என்று எழுதுவதை ஜெர்மனியில் 3.808,000 என்று எழுதுவார்கள். கப்பல் நிறுவனங்கள் சில, டன் கணக்கில் 3.808 என்று போடும். மூன்றையும் ஒரே மாதிரி படித்தால் ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோ சரக்கு நியூயார்க் போவதாகப் பதிவாகும். அலகையும் எண்ணையும் பிரிக்காமல் சேர்த்தே எடுக்க வேண்டும். அலகு அச்சிடப்படாத இடத்தில் அட்டைப்பெட்டிக் கணக்கே அலகைச் சொல்லிவிடும்.

இவ்வளவும் பொருந்தினாலும் அது காகிதங்கள் தமக்குள் ஒத்துப்போகின்றன என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. 2007 ஜனவரியில் எம்.எஸ்.சி. நாப்போலி என்ற கன்டெய்னர் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் உடற்பகுதி விரிசல் கண்டது. இங்கிலாந்தின் பிரான்ஸ்கம் கரையோரம் அதை வேண்டுமென்றே தரைதட்டச் செய்தார்கள். பிறகு மேல்தளத்தில் நனையாமல் இருந்த ஏறத்தாழ 660 கன்டெய்னர்களை எடைபோட்டபோது, 137 பெட்டிகளின் எடை அறிவித்ததிலிருந்து 3 டன்னுக்கு மேல் மாறுபட்டிருந்தது. ஒரு பெட்டியில் வித்தியாசம் 20 டன். அந்த 137 பெட்டிகளும் சேர்ந்து பட்டியலில் இருந்ததைவிட 312 டன் கூடுதலாக இருந்தன. விரிசலுக்கு முதன்மைக் காரணம் கப்பலின் கட்டுமான வலுவில் இருந்த குறை. ஆனாலும் அந்தக் கப்பலின் பட்டியலை எவ்வளவு துல்லியமாகப் பதிவேட்டில் ஏற்றியிருந்தாலும், பதிவேடு தவறாகத்தான் இருந்திருக்கும். ஆகவே எடை என்று ஒரே கட்டம் வைப்பதைவிட, அறிவித்த எடை, எடைபோட்ட எடை என்று இரண்டு கட்டங்கள் வைப்பதே நேர்மை.

மூன்று நாள் மூன்று மாதமாவது

தேதியில் பிழை எழுத்தில் நேர்வதைவிடப் பொருளில் நேர்வதே அதிகம். 07/09/2025 என்பதை எவ்வளவு தெளிவாகப் படித்தாலும், இந்திய வழக்கில் அது செப்டம்பர் 7, அமெரிக்க வழக்கில் ஜூலை 9. நாள் 12-ஐத் தாண்டினால் குழப்பமில்லை; 13-ஆவது மாதம் கிடையாதே. ஆண்டில் எத்தனை தேதிகள் இப்படிக் குழப்பும்? பன்னிரண்டு மாதங்களிலும் முதல் பன்னிரண்டு நாள்கள், அதாவது 144. அவற்றில் 05/05 போல இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் பன்னிரண்டைக் கழித்தால் 132. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய நாள்கள்.

நம் சரக்கின் தேதிகளைப் பார்ப்போம். இன்வாய்ஸ் 01/07/2025. ஷிப்பிங் பில் 04/07/2025. சுங்க அதிகாரி ஏற்றுமதிக்கு அனுமதி தரும் லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் 05/07/2025. பில் ஆஃப் லேடிங்கில் சரக்குக் கப்பலேறிய தேதி 07/09/2025.

வரிசையாக வருகிறதா என்று மட்டும் பார்ப்பது முதலில் தோன்றும் சோதனை. சரக்குக்கு இன்வாய்ஸ் வேண்டும், பிறகு ஷிப்பிங் பில், பிறகு அனுமதி, பிறகே கப்பல். இந்திய முறையில் படித்தால் ஜூலை 1, ஜூலை 4, ஜூலை 5, செப்டம்பர் 7. வரிசை சரியாகவே இருக்கிறது. அமெரிக்க முறையில் எல்லாவற்றையும் படித்தால் ஜனவரி 7, ஏப்ரல் 7, மே 7, ஜூலை 9. அப்போதும் வரிசை கெடவில்லை. ஆகவே வரிசை இங்கே சாட்சி சொல்லாது.

சொல்வது இடைவெளி. நாளும் மாதமும் இடம் மாறும்போது ஒரு நாள் இடைவெளி ஒரு மாதமாக நீளும், மூன்று நாள் மூன்று மாதமாகும். அனுமதி கிடைத்த சரக்கு 64 நாள் துறைமுகத்தில் கிடந்துவிட்டு செப்டம்பர் 7-இல் ஏறியது என்பதைவிட, நான்கே நாளில் ஜூலை 9-இல் ஏறியது என்பதே நடைமுறைக்குப் பொருந்துகிறது. அதாவது, இந்தியாவில் தயாரான மூன்று காகிதங்களும் இந்திய வழக்கிலும், பில் ஆஃப் லேடிங் மட்டும் அமெரிக்க வழக்கிலும் இருக்கின்றன. ஆகவே தேதி வழக்கை ஒவ்வொரு காகிதத்துக்கும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். அதே காகிதத்தில் 12-ஐத் தாண்டிய நாள் வேறெங்காவது இருந்தாலோ, முத்திரையில் மாதம் எழுத்தில் இருந்தாலோ சந்தேகமே இல்லாமல் தீர்ந்துவிடும்.

இந்த ஒரு தேதிக்கு இவ்வளவு பாடுபடக் காரணம் இருக்கிறது. வங்கியின் லெட்டர் ஆஃப் கிரெடிட் மூலம் பணம் பெறும் ஏற்றுமதியாளர், போக்குவரத்து ஆவணங்களை வங்கியில் கொடுக்க, வேறு கெடு சொல்லப்படாவிட்டால், கப்பலேற்றிய நாளிலிருந்து 21 நாள் அவகாசம். பன்னாட்டு வணிக அவையின் யு.சி.பி. 600 விதிகள் சொல்வது இது. கப்பலேறியது ஜூலை 9 என்றால் கெடு ஜூலை 30. பதிவேட்டில் செப்டம்பர் 7 என்று விழுந்திருந்தால், செப்டம்பர் 28 வரை நேரம் இருப்பதாக அது காட்டிக்கொண்டிருக்கும். பில் ஆஃப் லேடிங்கில் அதை வழங்கிய தேதி என்று இன்னொன்றும் அச்சாகியிருக்கும். கப்பலேறிய நாளைத் தனிக்குறிப்பாகப் போட்டிருந்தால், கெடுவுக்கு அந்தக் குறிப்பிலுள்ள தேதிதான் கணக்கு. பக்கத்தில் முதலில் கண்ணில் பட்ட தேதியை எடுத்துக்கொண்டு போகும் மென்பொருள் சறுக்கும் இடம் இது.

உள்ளே என்ன இருக்கிறது

கடைசியாகச் சரக்கு. இன்வாய்ஸில் ஆண்களுக்கான வட்டக்கழுத்துப் பருத்தி டி-ஷர்ட் என்றிருக்கும். பில் ஆஃப் லேடிங்கில் ஆயத்த ஆடை என்று மட்டும் இருக்கும். இரண்டும் பொய்யில்லை. இவற்றை ஒப்பிட உதவுவது எச்.எஸ். குறியீடு. உலகச் சுங்க அமைப்பின் பொறுப்பில் 1988 முதல் நடைமுறையில் உள்ள இந்த முறையில், முதல் ஆறு இலக்கங்கள் அதைப் பின்பற்றும் எல்லா நாட்டுக்கும் பொது. இந்தியா இன்னும் இரண்டு சேர்த்து எட்டாக வைத்திருக்கிறது. பருத்தியில் பின்னலாடை டி-ஷர்ட்டுக்கு 61091000.

கன்டெய்னர் எண்ணை வடிவமைத்தவர்கள் தந்த காவல் இந்தக் குறியீட்டுக்கு இல்லை. 6109 என்பதில் 1 கெட்டு 6209 ஆகிவிட்டால், அதுவும் உண்மையான நான்கிலக்கத் தலைப்பே. பின்னலாடை அல்லாத குழந்தை உடைகளைக் குறிக்கும். எந்தக் கணக்கும் இந்தப் பிழையைக் காட்டாது. இங்கே சாட்சி, பக்கத்தில் எழுதியிருக்கும் சொற்கள்தான். 61-ஆம் அத்தியாயம் பின்னலாடை, 62-ஆம் அத்தியாயம் நெய்த துணியில் தைத்த ஆடை. விவரத்தில் பின்னலாடை என்றிருந்து, குறியீடு 62-இல் தொடங்கினால் இரண்டில் ஒன்று தவறு. எது தவறு என்பதை ஷிப்பிங் பில்லைப் பார்த்தோ, ஏற்றுமதியாளரைக் கேட்டோதான் தீர்க்க வேண்டும்.

கப்பல் நிறுவனத்துக்கே இதில் ஓர் எல்லை உண்டு. ஏற்றுமதியாளர் சரக்கை ஏற்றிச் சீல் வைத்துக் கொடுத்த பெட்டியை அது திறந்து பார்ப்பதில்லை. அதனால் பில் ஆஃப் லேடிங்கில், உள்ளே இருப்பதாகச் சொல்லப்படும் சரக்கு என்றும், ஏற்றியதும் எண்ணியதும் அனுப்புநரே என்றும் அச்சிட்டுவிடுகிறது. பதிவேட்டிலும் அந்த வரம்பு தெரிய வேண்டும். 280 அட்டைப்பெட்டி டி-ஷர்ட் என்று எழுதும்போது, ஏற்றுமதியாளர் அறிவித்தபடி என்பதும் அதோடு நிற்க வேண்டும்.

அறிவிப்புதானே என்று சரக்கு விவரத்தைச் சுருக்கிவிடவும் கூடாது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றியபோது அதில் 1,486 கன்டெய்னர்கள் இருந்தன. கசிந்துகொண்டிருந்த நைட்ரிக் அமிலப் பெட்டி அபாயச் சரக்கு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் இலங்கையின் மேற்குக் கரையை வெண்மணல்போல் மூடியது ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணை. அது அபாயச் சரக்காக வகைப்படுத்தப்படாத, சாதாரண மூலப்பொருள். அபாயப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அது கப்பலில் இருப்பதே தெரிந்திருக்காது. சரக்குப் பட்டியலில் இப்படிப்பட்ட பொருள் ஏதோ ஒரு பாலிமரின் பெயரிலோ, பாலித்தீனுக்கான 3901 என்ற எச்.எஸ். எண்ணிலோ சாதுவாக நிற்கும். காகிதத்தில் இருந்த விவரத்தைப் பொதுச் சரக்கு என்று சுருக்கி எழுதும் பதிவேடு, தேவைப்படும் நாளில் கைகொடுக்காது.

ஒரு வரியில் என்ன இருக்க வேண்டும்

இப்படிப் பார்த்தால் நல்ல பதிவேட்டின் வரி நான்கு கட்டங்களோடு முடிவதில்லை. ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் மூன்று குறிப்புகள் வேண்டும். முதலாவது, காகிதத்தில் அச்சாகியிருந்தபடியே உள்ள சரம். 2025-07-09 என்று ஒழுங்குபடுத்தி எழுதினாலும் 07/09/2025 என்பதும் கூடவே இருக்க வேண்டும். பின்னாளில் வழக்கைத் தவறாக முடிவு செய்தது தெரிந்தால் திருத்த அதுவே வழி. இரண்டாவது, எந்தக் காகிதம், எந்தப் பக்கம். மூன்றாவது, எந்தச் சோதனையில் தேறியது: சோதனை இலக்கமா, அட்டைப்பெட்டிக் கணக்கா, இடைவெளியா, அல்லது யாராவது கண்ணால் பார்த்ததா.

எந்தச் சோதனையும் இல்லாத மதிப்பை, சோதிக்கப்படவில்லை என்றே குறிக்க வேண்டும். இரண்டு காகிதங்கள் முரண்பட்டு, முடிவு செய்ய வழியில்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டு, காரணத்தை எழுதி வைக்கலாம். காலிக் கட்டத்தைப் பார்த்தவர் போன் போட்டுக் கேட்பார். ஊகித்து நிரப்பிய கட்டத்தைப் பார்த்தவர் கேட்கமாட்டார். அதை நம்பி அடுத்த வேலையைச் செய்துவிடுவார். வங்கியின் கெடுவும், கப்பலில் பெட்டியை எங்கே அடுக்குவது என்பதும் அந்த அடுத்த வேலைகளில் சேர்ந்தவை.